கூடுதலாகப் போட்ட சம்பளத்தை நியாயமாகத் திரும்ப வாங்குவது எப்படி: கஞ்சிக்கோட்டுக் கணக்கு ஒன்று

செப்டம்பர் சம்பளக் கணக்கை முடிக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணனின் வரிசையில் இரவுப் படி 2,080 ரூபாய் என்று இருந்தது. அவர் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பகல் ஷிப்டில் இருக்கிறார். காலையில் சாவடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, வாளையாறு எல்லை தாண்டி, கேரளத்தின் கஞ்சிக்கோட்டுக்கு வருபவர். நானும் அதே பஸ்ஸில்தான் வருவேன். அப்படியிருந்தும் ஐந்து மாதமாக அவருக்கு இரவுப் படி போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

சின்னத் தொழிற்சாலைகளில் இது அபூர்வமே இல்லை. ஆனால் இதைச் சரிசெய்கிறேன் என்று இறங்கி, அடுத்த மாதச் சம்பளத்தில் மொத்தத்தையும் பிடித்துவிட்டு, பிரச்சினையைத் தொழிலாளர் அலுவலகம் வரை கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் செய்ததை, இடையில் செய்த தவறுகளோடு சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டையை அடையுங்கள்

பணத்தைத் திரும்ப வாங்குவது பிறகு. இந்த மாதமும் அதே தவறு போகாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்குக் காரணம் தெரிய வேண்டும். "டைப்பிங் மிஸ்டேக்" என்று எழுதிவிட்டு ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அது திரும்பி வரும்.

எங்கள் சம்பள ஷீட்டில் இரவுப் படி நெடுவரிசையில் இருந்த ஃபார்முலா இது:

```
=VLOOKUP(A2,Shift_Mar!A:C,3,0)
```

மாதாமாதம் ஷிப்ட் பட்டியலுக்குப் புது ஷீட் சேர்ப்போம். ஃபார்முலாவில் ஷீட்டின் பெயரை மாற்ற வேண்டும். ஏப்ரலில் நான் மாற்றவில்லை. ஷீட் இருந்ததால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மார்ச் மாதத்தில் யார் எந்த ஷிப்டோ அதே கணக்கில் ஐந்து மாதம் படி போயிருக்கிறது.

காரணம் இப்படிப் பிடிபட்ட உடனே அடுத்த கேள்வி வந்துவிட வேண்டும்: இது ஒருவரோடு நிற்குமா? நிற்காது. ஏப்ரலுக்குப் பிறகு ஷிப்ட் மாறிய எல்லோருக்கும் தப்பாகத்தான் போயிருக்கும். பணியாளர் எண்ணை வைத்து, போட்டதையும் போட வேண்டியதையும் கழித்துப் பார்த்தோம்:

```
=SUMIFS(Paid!D:D,Paid!A:A,A2)-SUMIFS(Due!D:D,Due!A:A,A2)
```

பூஜ்யம் வராத பெயர்கள் மூன்று. ஒன்று பேக்கிங் அண்ணன். இன்னொருவர் ஜூன் கடைசியில் வேலையை விட்டுப் போனவர். மூன்றாவது ஆளுக்கு எண் மைனஸில் வந்தது. அவர் ஏப்ரலில் பகலிலிருந்து இரவுக்கு மாறியவர். ஐந்து மாதம் தூக்கம் கெட்டு வேலை பார்த்ததற்கு அவருக்கு ஒரு பைசா இரவுப் படி போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்த மூன்றாவது ஆளைத் தேடாமல் முதல் ஆளிடம் பணம் கேட்கப் போகாதீர்கள். நிறுவனத்துக்கு வர வேண்டியதை மட்டும் கண்டுபிடித்து, தர வேண்டியதைக் கண்டுபிடிக்காத கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். அவருக்குரிய 10,400 ரூபாயை, இ.எஸ்.ஐ. போக, செப்டம்பர் சம்பளத்தோடு ஒரே தடவையில் போட்டோம். நாம் தர வேண்டியது ஒரே தடவையில் போகட்டும், நமக்கு வர வேண்டியது தவணையில் வரட்டும். இரண்டிலும் தவறு நம்முடையது என்பதால் இதில் ஓரவஞ்சனை இல்லை.

எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். மாதம் 2,080, ஐந்து மாதம், மொத்தம் 10,400 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த 10,400 அவர் கைக்குப் போகவில்லை.

அண்ணனின் சரியான சம்பளம் இது: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,200, வீட்டு வாடகைப் படி 2,600, மொத்தம் 17,800. பி.எஃப். 15,000 என்ற உச்சவரம்பின் மேல் 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்கள் என்பதால் 134.

இரவுப் படி சேர்ந்தபோது மொத்தம் 19,880 ஆனது. பி.எஃப். உச்சவரம்பில் நிற்பதால் அது மாறவில்லை. இ.எஸ்.ஐ. 150 ஆனது. ஆகவே மாதம் 2,080 கூடினாலும் கையில் கூடுதலாக விழுந்தது 2,064தான். மீதி 16 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் போய்விட்டது. ஐந்து மாதத்துக்கு அவர் கைக்குப் போன மிகை 10,320.

எண்பது ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் 10,400 பிடித்தால், தன் கைக்கு வராத 80 ரூபாயை அவர் பையிலிருந்து எடுக்கிறோம். சம்பளம் பெரிதாக இருந்து, அடிப்படைச் சம்பளத்திலேயே தவறு நடந்து, பி.எஃப்., வருமான வரி எல்லாம் சேர்ந்து போயிருந்தால் இதே வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும். கையில் போனதைத்தான் திரும்பக் கேட்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.க்கு அதிகமாகக் கட்டியது நிறுவனத்தின் தலையில். எங்கள் பங்கிலும் முந்நூற்றுச் சொச்சம் போயிருந்தது. இவ்வளவு சின்னத் தொகைக்கு மனு எழுதி அலைய வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வருமான வரி இந்தச் சம்பளத்துக்குக் கிடையாது. வரி பிடிக்கும் அளவு சம்பளம் உள்ளவரானால், அதே நிதியாண்டுக்குள் கண்டுபிடித்தால் மீதி மாதங்களில் பிடிக்கும் வரியைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். மார்ச் தாண்டினால் தலைவலி. ஆகவே பிப்ரவரியில் ஒருமுறை எல்லாப் படிகளையும் சரிபார்ப்பது நல்லது.

தொழில் வரியையும் பார்த்துவிடுங்கள். இங்கே அதைப் பஞ்சாயத்து வாங்குகிறது. எங்களுக்குப் புதுசேரி கிராமப் பஞ்சாயத்து (பாண்டிச்சேரி இல்லை, பாலக்காட்டுப் புதுசேரி). ஊழியர் தமிழ்நாட்டில் குடியிருந்தாலும் வேலை செய்யும் இடத்துக்குத்தான் வரி. அரையாண்டு வருமானத்தை வைத்துப் போடுவதால், மிகைச் சம்பளம் ஒருவரை மேல் படிக்குத் தள்ளியிருக்கலாம். அண்ணனுக்குச் சரியான கணக்கிலும் தப்பான கணக்கிலும் அரையாண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் ஒன்றேகால் லட்சத்துக்கும் நடுவில்தான் வந்தது. அதனால் அதே 1,000 ரூபாய், மாற்றமில்லை.

கடிதத்துக்கு முன்னால் ஒரு பேச்சு

கணக்கு முடிந்ததும் கடிதம் அடித்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவும் சம்பள நாளுக்கு முன்னால். சூப்பர்வைசர் கூட இருக்க வேண்டாம். பிரிவில் நாலு பேர் முன்னால் "உங்களுக்குக் கூடப் போயிருக்கு" என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அவர் ஏதோ திருடிவிட்டார் என்று கேண்டீனில் பேச்சு கிளம்பிவிடும்.

அண்ணனிடம் ஐந்து மாதச் சம்பளச் சீட்டையும் ஷிப்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தவறு என்னுடையது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நான் கேட்டு வாங்கலைங்களே சார். இன்கிரிமென்ட்டுன்னு நெனச்சுட்டனுங்க." ஏப்ரல் மாதம், சம்பளம் குறையவில்லை. பகல் ஷிப்டுக்கு வந்தும் குறையாததை இன்கிரிமென்ட் என்று நினைத்ததில் தப்பே இல்லை. எங்கள் சம்பளச் சீட்டில் எல்லாப் படியும் "பிற படிகள்" என்ற ஒரே வரியில் இருந்தது. அவர் படித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதன்பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம்: "மே மாசம் ஆறு நாள் நைட் பார்த்தேனுங்க, அந்தத் திருச்சூர்க்காரர் லீவு போட்டப்ப. அதையும் கழிச்சுட்டீங்களா?"

கழிக்கவில்லை. ஷிப்ட் பட்டியலில் அது இல்லை, கேட் பதிவேட்டில் இருந்தது. ஆறு இரவும் அவர் கையெழுத்தோடு இருந்தது. நிரந்தர இரவு ஷிப்டுக்கு மாதம் 2,080, மாற்றாள் போனால் இரவுக்கு 80. ஆக மே மாதத்துக்கு அவருக்கு 480 உரியது. அந்த மாதம் மிகை 1,600, இ.எஸ்.ஐ. வித்தியாசம் 12 ரூபாய் போகக் கையில் விழுந்தது 1,588. மற்ற நான்கு மாதங்களுக்கு 2,064 வீதம் 8,256. மொத்தம் 9,844.

அவரிடம் கேட்காமல் கடிதம் கொடுத்திருந்தால் 476 ரூபாய் அதிகமாகப் பிடித்திருப்போம். அது வெளியே வந்திருந்தால் மற்ற கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும். பேச்சுக்கு முன்னால் எந்த எண்ணையும் முடிவான எண் என்று எழுதாதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72வது பிரிவு. அதைச் சம்பளத்தில் பிடிப்பதற்கு அனுமதி ஊதியச் சட்டத்தில் இருக்கிறது. 1936ஆம் ஆண்டின் பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் 18வது பிரிவில் இருக்கிறது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மிகையாகக் கொடுத்த ஊதியத்தைச் சரிக்கட்டுவது அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களில் ஒன்று. வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே மத்தியச் சட்டம்தான்.

ஆனால் அனுமதிக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு சம்பள மாதத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. "எல்லாம்" என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி, சங்கக் கடன், முன்பணத் தவணை, கூடவே நாம் இப்போது பிடிக்கப்போவது. பழைய சட்டத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தால் 75 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அந்த 75ஐச் சொல்வார்கள். தொகுப்பில் அந்தச் சலுகை இல்லை, 50 மட்டும்தான்.

அரசு ஊழியர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2014 டிசம்பரில் பஞ்சாப் மாநிலத்துக்கும் ரஃபீக் மசீஹுக்கும் நடந்த வழக்கில், சில நிலைமைகளில் மிகைச் சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கவே கூடாது என்று வரிசைப்படுத்தியது. கீழ்நிலைப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிய தவறு, மேல்பதவி வேலையைத் தவறாகச் செய்ய வைத்து அதற்குக் கொடுத்த சம்பளம், இவை போகப் பிடிப்பது கொடுமையாக இருக்கும் வேறு எந்த நிலைமையும். 2022இல் கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கிலும், தாமஸ் டேனியல் வழக்கு என்பார்கள், அரசு திரும்பக் கேட்டதை அதே நீதிமன்றம் ரத்து செய்தது.

எங்களைப் போன்ற தனியார் தொழிற்சாலையை இந்தத் தீர்ப்புகள் நேரடியாகக் கட்டாது. ஆனாலும் நான் அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கேஸையும் பார்ப்பேன். ஊழியர் பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, தவறு முழுக்க நம்முடையது, வாங்கிய பணம் அரிசிக்கும் பருப்புக்கும் செலவாகிவிட்டது: இந்த நான்கும் சேர்ந்து இருக்கும்போது பிடிக்க உரிமை இருந்தாலும் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பதை யோசித்தாக வேண்டும்.

தவணை போடுவது

அண்ணனின் சம்பளத்தில் பாதி 8,900. ஏற்கெனவே போகும் பிடித்தங்கள்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்ந்து 1,934, கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு 2,500, ஓணம் முன்பணத்துக்கு டிசம்பர் வரை மாதம் 1,000. கூட்டினால் 5,434. சட்டப்படி இன்னும் 3,466 பிடிக்க இடம் இருக்கிறது. மூன்றே மாதத்தில் முடித்துவிடலாம். எங்கள் மேனேஜர் அதைத்தான் முதலில் சொன்னார்.

ஆனால் அவர் இப்போது கையில் வாங்குவதே 12,366. அதில் 3,466 போனால் மிச்சம் 8,900. வீட்டு வாடகை, பஸ், இரண்டு பிள்ளைகள். சட்டம் சொல்வது இதைத் தாண்டாதே என்று மட்டும்தான். இதுவரை போ என்று அது சொல்லவில்லை. ஆகவே அவரிடமே கேட்டேன், எப்போது கை கொஞ்சம் தளரும் என்று. "ஓணம் அட்வான்ஸ் முடிஞ்சா பரவாயில்லைங்க" என்றார். அதை வைத்து இப்படிப் போட்டோம்: அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதம் 800. முன்பணம் முடிந்ததும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதம் 1,500. மே மாதம் கடைசியாக 1,444. மொத்தம் 9,844, ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் முடிந்துவிடும். வட்டி கிடையாது. நம் தவறுக்கு அவரிடம் வட்டி வாங்குவது அசிங்கம்.

போனஸில் மொத்தமாகப் பிடிக்கலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வாங்கும் காசில் கைவைத்தால், அந்தக் கோபம் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் நிற்கும். அவரே கேட்டால் ஒழிய வேண்டாம்.

எழுத்தில் வைப்பது

பிடித்தத்துக்குச் சட்டத்தின் அனுமதி இருக்கிறது என்பதால் கையெழுத்து வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வாங்கிவிடுவேன். பிறகு கேள்வி வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். எங்கள் ஆபீஸ் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் போகும். அண்ணன் மலையாளம் நன்றாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். படிக்க முடியாத காகிதத்தில் வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. தமிழில் அடித்து, கீழே ஆங்கிலப் பிரதியும் வைத்தோம். வாசகம் இவ்வளவுதான்:

"ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் சம்பளத்தில் இரவுப் படி எங்கள் கணக்குப் பிரிவின் தவறால் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மே மாதம் நீங்கள் பார்த்த 6 இரவுகளுக்குரிய படியைக் கழித்த பிறகு, உங்கள் கைக்கு வந்த கூடுதல் தொகை ரூ. 9,844. மாதவாரிக் கணக்கு இணைப்பில் உள்ளது. இந்தத் தொகையை உங்களிடம் பேசியபடி அக்டோபர் முதல் எட்டுத் தவணைகளில், வட்டியின்றி, சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம். எந்த மாதமாவது மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டும்படி வந்தால் அந்த மாதத் தவணை தள்ளிவைக்கப்படும். கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் 15 நாளுக்குள் சொல்லுங்கள். அதுவரை பிடித்தம் தொடங்காது."

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடும்படி மேனேஜர் சொன்னார், நிறுவனம் தவறை ஒப்புக்கொள்வது போல் இருக்கிறதாம். ஒப்புக்கொள்வதுதானே நோக்கம் என்றேன். வாக்கியம் அப்படியே இருந்தது.

சம்பளச் சீட்டில் எங்கே காட்டுவது

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிடிக்கும் தொகையை வருமானப் பக்கத்தில் மைனஸாகப் போடலாம், அல்லது பிடித்தப் பக்கத்தில் தனி வரியாகப் போடலாம். மைனஸாகப் போட்டால் அந்த மாத மொத்தச் சம்பளம் 17,800க்குக் கீழே இறங்கும், இ.எஸ்.ஐ. அதற்கேற்பக் குறையும். பார்க்கச் சரிபோல இருக்கும். ஆனால் அவர் அந்த மாதம் உண்மையில் சம்பாதித்தது 17,800. அதைக் குறைத்துக் காட்டினால், நாளை உடம்பு சரியில்லாமல் படுத்து இ.எஸ்.ஐ.யில் பணப்பலன் கேட்கும்போது சராசரிச் சம்பளம் குறைந்து அவருக்கு நஷ்டம். அடிப்படைச் சம்பளத்தில் மைனஸ் போட்டால் பி.எஃப்.பும் அடிபடும்.

அதனால் வருமானப் பக்கத்தைத் தொடாமல், பிடித்தப் பக்கத்தில் "மிகை ஊதியம் சரிக்கட்டல்" என்று தனி வரி. "லோன்" என்று போடாதீர்கள், அவர் கடன் வாங்கவில்லை. "அபராதம்" என்பது அதைவிட மோசம், அதற்குச் சட்டத்தில் வேறு விதிகள் இருக்கின்றன. பக்கத்தில் மீதித் தொகையும் மாதாமாதம் அச்சாக வேண்டும். அவர் பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிப் போடுவதென்றால் பிடிக்கும் தொகை கைக்குப் போன 9,844 ஆகத்தான் இருக்க வேண்டும். பிடித்தப் பக்கத்தில் போட்டுவிட்டு இ.எஸ்.ஐ. கழிக்காத 9,920ஐப் பிடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

நடுவில் வந்த பிப்ரவரி

தவணை போட்டாயிற்று, இனி தானாக ஓடும் என்று விட்டால் எங்கே இடிக்கும் என்பதற்குப் பிப்ரவரியே சாட்சி. அண்ணனின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு. 28 நாளில் 18 நாள் சம்பளம், மொத்தம் 11,443. பாதி என்றால் 5,721. பிடித்தங்கள்: பி.எஃப். 1,173, இ.எஸ்.ஐ. 86, சங்கக் கடன் 2,500, அந்த மாதம் பார்த்து அரையாண்டுத் தொழில் வரி 1,000. கூட்டினால் 4,759. மிச்ச இடம் 962. எங்கள் தவணை 1,500.

மென்பொருள் 1,500ஐ அப்படியே பிடித்துவிட்டிருக்கும். அதற்கு 50 சதவீதம் தெரியாது. சம்பளத்தைப் பூட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்ப்பது பழக்கமாக இருந்ததால் கண்ணில் பட்டது:

```
=MAX(0,MIN(Tavanai,Gross*0.5-OtherDed,Balance))
```

தவணை, மிச்ச இடம், மீதித் தொகை மூன்றில் எது குறைவோ அதுதான் பிடிக்கலாம். கடைசியில் இருக்கும் `Balance` இல்லாவிட்டால், கணக்கு முடிந்த பிறகும் ஒரு மாதம் சேர்த்துப் பிடிபடும். இன்னொரு மிகைக் கணக்கு தொடங்கும், இந்தத் தடவை எதிர்ப்பக்கம்.

சட்டப்படி 962 பிடிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதம் என்று ஒன்றும் பிடிக்காமல் அந்த 1,500ஐ முழுசாகத் தள்ளிவைத்தோம். கடைசித் தவணை ஜூனுக்குப் போயிற்று. ஸ்கூல் ஃபீஸ் மாதமாயிற்றே என்று தயங்கினேன். அவரே மே மாதம் 1,500, ஜூனில் 1,444 என்று எழுதிக் கொடுத்தார்.

வேலையை விட்டுப் போனவர்

ஜூன் கடைசியில் போனவரிடம் மூன்று மாத மிகை, 6,192 ரூபாய். அவருடைய இறுதிக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஒருவர் வேலையில் இருக்கும்போதே தெரிந்தால் இறுதிச் சம்பளத்தில், அதே பாதி வரம்புக்குள், சரிக்கட்டலாம். அதுவும் வேகமாக, ஏனென்றால் இப்போதைய சட்டப்படி விலகியவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். அவருடைய பி.எஃப்.பில் கைவைக்க முடியாது. கிராஜுவிட்டியிலும் கணக்குப் பிரிவின் தவறைச் சொல்லிப் பிடிக்க வழியில்லை.

போன பிறகு என்றால் கடிதம் எழுதிக் கேட்கலாம். கேட்டோம், கணக்கை இணைத்து ஒரே ஒரு கடிதம். ஃபோனில் கூப்பிட்டார், பொள்ளாச்சியில் கொஞ்சம் குறைவான சம்பளத்துக்கு வேலை, முடியாது சார் என்றார். வழக்குப் போடலாம், தவறு தெரிந்ததிலிருந்து மூன்று வருடம் கால அவகாசம் உண்டு. ஆனால் 6,192 ரூபாய்க்கு வக்கீல் ஃபீஸ் கட்டுப்படியாகாது. நிர்வாகம் தள்ளுபடி செய்தது. எனக்கு மட்டும் ஏன் தள்ளுபடி இல்லை என்று அண்ணன் கேட்டிருந்தால் என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

கணக்கை மூடுவது

ஜூன் சம்பளத்தோடு அண்ணனுக்கு அரைப் பக்கக் கடிதம் கொடுத்தோம்: பிடித்த எட்டுத் தவணைகளும் தேதியோடு, மீதி பூஜ்யம், இனி இந்த வகையில் எதுவும் பிடிக்கப்படாது. அவருடைய கோப்பில் ஒரு பிரதி. சம்பளச் சீட்டில் "பிற படிகள்" என்ற வரியை உடைத்து, இரவுப் படியைத் தனியாகப் போட்டோம், எத்தனை இரவு என்பதோடு. ஷிப்ட் ஷீட்டின் பெயரை இப்போது ஃபார்முலாவில் எழுதுவதில்லை. மாதத்தை ஒரு கட்டத்தில் போட்டால் அது எடுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் மாதம் 28ஆம் தேதி கேட் பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, படி வாங்கும் ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துப் பார்க்கிறேன்.